காலர் முனையைக் குறை சொல்லாதீர்கள், கழுத்தை மடித்துப் பாருங்கள்

"ரவிக்கை, சுடிதார் எல்லாம் நன்றாகத் தைப்பேன். வீட்டுக்காரருக்குச் சட்டை தைத்தால் மட்டும் காலர் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே நிற்கிறது. காலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றி நிற்கும் ஸ்டாண்டில் பட்டன் போட்டால் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கிறது. ஸ்டாண்டு வைத்த காலரைச் சரிசமமாகப் பொருத்துவது எப்படி?"

நீங்கள் அநேகமாக யூடியூப் பார்த்துக் காலரை மட்டும் இரண்டு மூன்று முறை பிரித்துத் தைத்திருப்பீர்கள். அதில் குற்றமே இல்லாமலும் இருக்கலாம். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டையை மேசையில் வைத்து, காலரை நடு முதுகில் சரியாக இரண்டாக மடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். நீளமும் சாய்வும் ஒத்துப்போனால் காலர் நிரபராதி. பிறகு தோள் தையல்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக் கழுத்து வளைவை மடியுங்கள். பத்துக்கு எட்டுச் சட்டையில் இங்கேதான் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். (பத்துக்கு எட்டு என்பது என் கைக்கு வந்த சட்டைகளை வைத்து நான் சொல்லும் குத்துமதிப்பு. யாரும் கணக்குக் கேட்டு வராதீர்கள்.)

இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், இதே விஷயத்துக்காக என் கூலியில் பிடித்திருக்கிறார்கள். சொந்தமாகக் கடை போடுவதற்கு முன் ஓர் ஆண்கள் தையல் கடையில் பீஸ் கணக்கில் வேலை பார்த்தேன். அந்தக் கடையில் தைக்க உட்கார்ந்த பெண் நான் ஒருத்திதான். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மொத்தமாக வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார். வெட்டியது மாஸ்டர், தைத்தது நான். டிரையல் பார்த்தபோது ஒரு சட்டையில் காலர் வலது பக்கம் சாய்ந்து நின்றது. "ஜாக்கெட் தைக்கிற கையில காலரைக் கொடுத்தா இப்படித்தான்" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். அந்த வாரக் கூலியில் அந்தச் சட்டைக் காசு கழிந்தது.

நான் சண்டை போடவில்லை. அந்தச் சட்டையை வாங்கிக் காலரை மடித்துக் காட்டினேன். முனைகள் நூல் பிசகாமல் ஒத்துப்போயின. பிறகு கழுத்தை மடித்துக் காட்டினேன். வலது முன்பாகத்தின் வளைவு இடதைவிட ஒரு நூல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு முன்பாகங்களையும் ஒன்றாக அடுக்கி வெட்டும்போது அடியில் இருக்கும் துணி கத்தரியின் தள்ளலில் நகரும். வழவழப்பான துணியில் இது சாதாரணம். மாஸ்டர் அன்று என்னிடம் பேசவில்லை. காசும் திரும்பவில்லை, அது வேறு கதை.

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதானே, அதற்கா இத்தனை என்று தோன்றும். கழுத்து வளைவு என்பதால்தான். வளைவை ஒரு நூல் உள்ளே தள்ளினால் ஆழம் மட்டும் ஒரு நூல் கூடுவதில்லை, வளைவின் நீளமும் கூடுகிறது. அரைக் கழுத்தில், அதாவது நடு முதுகிலிருந்து பட்டனும் காஜாவும் வரும் முன் பட்டிவரை, ஒரு நூல் ஆழம் கூடினால் நீளம் இரண்டு நூலுக்கு மேல் கூடிவிடும். ஸ்டாண்டின் இரண்டு பாதிகளும் சமம், கழுத்தின் இரண்டு பாதிகளும் சமமில்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்கும்போது மிச்சத் துணி எங்கேயாவது போய் நிற்க வேண்டும். நடுவைப் பொருத்தித் தைத்தால் முன் பட்டி ஒரு பக்கம் ஸ்டாண்டைத் தாண்டி நீட்டும். பட்டிகளைப் பொருத்தித் தைத்தால் நடு மார்க் நகர்ந்து காலர் முழுவதும் ஒரு பக்கம் திரும்பும். நீங்கள் சொல்லும் இழுப்பு இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

வெட்டு சரியாக இருந்து, தைக்கும்போது ஒரு பக்கம் இரண்டு நூலும் மறுபக்கம் மூன்று நூலும் உள்ளே பிடித்துவிட்டாலும் இதேதான் நடக்கும்.

என் வழியைப் பதினாறு அங்குலக் கழுத்து, ஒன்றரை அங்குலப் பட்டி உள்ள சட்டையை வைத்துச் சொல்கிறேன். பதினாறு என்பது பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் நடுவரை. பட்டியின் நடு அதன் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம். ஆக ஸ்டாண்டின் அடிவிளிம்பு, தையல் கோட்டில், இரண்டு பக்கமும் முக்கால் சேர்த்துப் பதினேழரை. மேலே உட்காரும் காலர் பதினாறுதான். ஸ்டாண்டின் இரு முனையிலும் முக்கால் அங்குலம் காலர் இல்லாமல் நிற்கும். அந்த முக்கால் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் முனைகள் சமமாக இருந்தும் பிரயோஜனமில்லை, பட்டன் போட்டதும் ஒரு முனை நடுவுக்கு ஓடிவரும், மற்றது விலகி நிற்கும்.

சட்டைக் கழுத்தின் தையல் கோடும் அதே பதினேழரை வர வேண்டும். இங்கே ரவிக்கை தைத்த கை ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டேப்பை வெட்டிய விளிம்பில் ஓட்டிப் பார்க்காதீர்கள். கால் அங்குலம் தையலுக்கு விட்டிருந்தால் வெட்டு விளிம்பு தையல் கோட்டைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஸ்டாண்டைக் குறைத்துவிட்டால் கழுத்து முழுக்கச் சுருக்கம் விழும். டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி, தையல் கோட்டின் மேலேயே வளைத்து அளக்க வேண்டும்.

அந்தக் கோட்டைக் கண்ணால் நம்பாமல் சாக்கால் வரைந்துகொள்வேன். தையல் கோட்டு அளவில் அரைக் கழுத்துக்கு ஓர் அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். பட்டிகளை அயர்ன் செய்து மடித்து, தோள் தையல் முடித்த பிறகு, அட்டையை இடது பக்கம் வைத்து வரைந்து, அப்படியே திருப்பிப்போட்டு வலது பக்கமும் வரைவேன். வெட்டு ஒரு பக்கம் ஒரு நூல் ஆழமாகிவிட்டிருந்தாலும் கோடு சமமாகவே விழும். ஆழமான பக்கத்தில் இரண்டு நூலுக்குப் பதில் ஒரு நூல்தான் உள்ளே பிடிபடும், அவ்வளவுதான். வரைந்த கையோடு கோட்டுக்குச் சற்று வெளியே, விளிம்புப் பக்கமாக, ஒற்றை ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். கழுத்தில் துணி குறுக்காக ஓடும் இடங்கள் கையில் பிடித்துத் தூக்கினாலே நீளும்.

காலர் முனைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலருக்கு விறைப்புத் தரும் கேன்வாஸை இரண்டாக மடித்து வெட்டுங்கள், தையலுக்குத் துணி விடாமல். மேல் காலரில் ஒட்டிய பிறகு அந்த கேன்வாஸின் ஓரத்தை ஒட்டியே தையல் ஓட வேண்டும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே ஓட்டமாக ஓட்டாதீர்கள். மெஷினின் பல் அடித் துணியை இழுக்கும், பாதம் மேல் துணியைத் தள்ளும், கடைசியில் வரும் முனையில் அந்த வித்தியாசம் எல்லாம் சேரும். நடுவிலிருந்து ஒரு முனைக்கு, மறுபடி நடுவிலிருந்து மறு முனைக்கு. இரண்டு தடவையும் கேன்வாஸ் பக்கம் மேலேயே இருக்கட்டும். முனையில் சட்டென்று திருப்பாமல் குறுக்காக இரண்டு தையல் விட்டுத் திருப்பினால் புரட்டும்போது முனை முண்டாக நிற்காது.

இப்படி முடித்த காலரை ஸ்டாண்டின் இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, மேல் விளிம்பையும் முனை வளைவுகளையும் தைத்துப் புரட்டி அயர்ன் செய்தால் காலரும் ஸ்டாண்டும் ஒரே உருப்படி. இனி அதைக் கழுத்தில் ஏற்றுவதுதான் பாக்கி.

ஸ்டாண்டில் நடு மார்க் மட்டும் போட்டால் போதாது. தோள் தையல் வரும் இடத்துக்கும் இரண்டு பக்கமும் மார்க் வேண்டும். கழுத்தில் போட்ட ஓட்டுத் தையலை அறுக்காமல் அதுவரை மட்டும் அரை அங்குலத்துக்கு ஒரு சிறு வெட்டுக் கொடுத்தால் வளைவு நிமிர்ந்து ஸ்டாண்டோடு படியும். நடு, இரண்டு தோள், இரண்டு பட்டி என்று ஐந்து இடத்தில் குண்டூசி. பட்டியின் விளிம்பு ஸ்டாண்டு முனைக்குள் போய் முட்டி நிற்க வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் பட்டன் போடும் இடத்தில் ஸ்டாண்டு படிக்கட்டு மாதிரி வெளியே நீட்டும். பிறகு ஒரு குண்டூசியிலிருந்து அடுத்ததுவரை என்று துண்டு துண்டாகத் தையுங்கள், ஊசி துணியில் இறங்கி நிற்கும்போது அடுத்த துண்டைச் சரிபார்த்து. காலரில் செய்த மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கம் போவது இங்கே வசதிப்படாது. முழுச் சட்டையும் மெஷின் கைக்குள் மாட்டிக்கொள்ளும். முடியும் என்பவர்கள் செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

உள்ஸ்டாண்டை மடித்து மேல் தையல் போடும் முன் இரண்டு பட்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கழுத்தை மூடிப் பாருங்கள். காஜாப் பக்கத்து ஸ்டாண்டு பட்டன் பக்கத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் இப்போது பிரிப்பது சுலபம்.

கட்டாயம் யாராவது கருத்துப் பெட்டியில் "போடுகிறவருக்குத் தோள் சமமில்லாவிட்டால்?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஒரு தோள் இறங்கியவருக்கு மேசையில் சமமாக உள்ள சட்டையும் உடம்பில் சாயும். அதற்குத் தோள் தையலில்தான் வேலை, காலரில் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கடையில் வாங்கிய சட்டைகளும் சாய்கின்றனவா என்று பாருங்கள்.

சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அளவுச் சட்டை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து திரும்ப வாங்கிப் போங்கள். என் கடை அலமாரியில் ஒரு மூட்டையே கிடக்கிறது. வருஷம் கழித்து வந்து "என் நல்ல சட்டையைத் தொலைத்துவிட்டீர்களே" என்று சத்தம் போடுகிறவர், அது காலர் நைந்த சட்டை என்பதை மறந்துவிடுகிறார்.

உங்களிடம் இருக்கும் சட்டைக்கு வருகிறேன். முழுக் காலரையும் பிரிக்க வேண்டாம். ஸ்டாண்டின் அடித் தையலை மட்டும் பிரித்து, கழுத்தை நனைக்காமல் அயர்ன் செய்து, நான் சொன்னபடி மடித்துப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் துணி மிச்சமிருந்தால் தையலை ஒரு நூல் வெளியே தள்ளித் தைத்துவிடலாம். மிச்சமில்லை என்றால் மற்ற பக்கத்தையும் அதே ஆழத்துக்கு இறக்கிவிட்டு, தையல் கோட்டை மறுபடி அளந்து அந்த நீளத்துக்கு ஸ்டாண்டு புதிதாக வெட்ட வேண்டும். துணியில் மிச்சம் வைத்திருக்கிறீர்களா?