25 fps வீடியோவில் கை கால் அசைவுக்கு எந்த ஷட்டர்?

கேள்வி: 25 fps-ல எடுத்தா ஷட்டர் 1/50 தான் வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஓடுறவங்க, ஆடுறவங்க கை கால் எல்லாம் மங்கலா இருக்கு. 1/500 வச்சா கூர்மையா இருக்கு, ஆனா ஏதோ வெட்டி வெட்டிப் போற மாதிரி தெரியுது. எதுதான் சரி?

மங்கலாக இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வீடியோவை நடுவில் நிறுத்தி, அந்த ஒரு பிரேமைப் பார்த்துத்தானே? முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போதும் மங்கலாகத் தெரிந்தால்தான் அது பிரச்சினை. நிறுத்தினால் மட்டும் மங்கல் என்றால் உங்கள் 1/50 தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

நான் பிலிம் இன்ஸ்டிட்யூட் படித்தவன் இல்லை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். "கல்யாண வீடியோக்காரனுக்கு என்ன தெரியும்" என்று கமெண்டில் யாராவது வருவார்கள், வரட்டும். தவில்காரர் கையைப் படம் பிடித்துப் பார்த்தவனுக்கு ஷட்டரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தவிலில் ஒரு கை குச்சி பிடித்திருக்கும், இன்னொரு கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போது அந்த விரல்கள் போகிற வேகத்துக்கு வேறு எதுவும் கல்யாண மண்டபத்தில் நகராது. மன்னார்குடிப் பக்கம் ஒரு முகூர்த்தத்தில் என்னோடு இரண்டாவது கேமரா பிடித்த தம்பி, யாரும் கேட்காமலே ஷட்டரை 1/500-க்கு ஏற்றிவிட்டான். கூடு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம் போல அவ்வளவு கூர்மை. சாப்பாடு முடிந்து தவில்காரர் கேமரா பக்கம் வந்தார். "என் கையைக் காட்டுங்க தம்பி" என்றார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடி விழுறது தெரியுது, அடிக்கு அடி நடுவுல கையே இல்லையே?" என்றார். கேமரா பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். ஆனால் இதைவிடச் சரியாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்ப்போம். கை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 fps என்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் அந்தக் கை 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஷட்டர் 1/50 என்றால் அந்த 12-ல் 6 சென்டிமீட்டர் பிரேமில் தீற்றலாகப் பதியும், மீதி 6 பதியாது. பாதிக்குப் பாதி. கண் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும், அசைவு தொடர்ச்சியாகத் தெரியும். 1/500-ல் பதிவது வெறும் 6 மில்லிமீட்டர். மீதி 11 சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போகிறது. கை ஓர் இடத்தில் கூர்மையாகத் தெரிகிறது, அடுத்து வேறோர் இடத்தில் கூர்மையாகத் தெரிகிறது, நடுவில் ஒன்றுமில்லை. நீங்கள் "வெட்டி வெட்டி" என்று சொல்வது இதைத்தான்.

பிரேம் வேகத்தை இரட்டிப்பாக்கி ஷட்டர் வை என்ற விதி வந்ததும் இதனால்தான். பழைய பிலிம் கேமராவில் ஷட்டர் என்பது சுழலும் தட்டு. அதில் பாதி வட்டம், அதாவது 180 டிகிரி, திறந்திருக்கும். 24 பிரேம் ஓடினால் 1/48 வினாடி வெளிச்சம் விழும். அந்தத் தீற்றலைத்தான் நம் கண் பல தலைமுறையாகத் திரையில் பார்த்துப் பழகியிருக்கிறது. அதனால் 25-க்கு 1/50, 50-க்கு 1/100 என்று தொடங்குங்கள். தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், அதிலேயே ஆணி அடித்து உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை.

ஏனென்றால் தவில் கைக்கு எனக்கு 1/50 போதாது. 6 சென்டிமீட்டர் தீற்றல் என்றால் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து கையே ஒரு வெள்ளைப் புகையாகிவிடும். முகூர்த்தம், தாலி, மாலை மாற்றுவது எல்லாம் 1/50-லேயே எடுத்துவிட்டு, தனி தொடங்கியதும் 1/100-க்குப் போவேன். தீற்றல் 3 சென்டிமீட்டர் ஆகும். விரல் பிரிந்து தெரியும், வேகமும் தெரியும், கொஞ்சம் துள்ளலும் கூடும். தவிலுக்கு அந்தத் துள்ளல் பொருந்துகிறது. ஆனால் வெளிச்சம் பாதியாகும். ISO 1600-ல் இருந்தால் 3200-க்கு ஏற்ற வேண்டும். அந்தப் புள்ளிப் புள்ளி இரைச்சலை என் கேமரா தாங்கும். உங்களுடையது தாங்குமா என்று முதலில் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் ஏற்றி 1/200 வைத்தால் என்ன என்று கேட்கலாம். மண்டபத்துக்குள் அது ஆகாது, காரணம் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி-யும் வினாடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 1/100 வைத்தால் ஒரு முழு ஒளிர்வு உள்ளே வரும், 1/50 வைத்தால் இரண்டு. 1/60, 1/125, 1/200 எல்லாம் அரைகுறையாக வெட்டும், திரையில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஊரும். வெளிநாட்டு யூடியூப்காரர்களைப் பார்த்து 30 fps, 1/60 என்று வைக்கிற தம்பிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்கள் ஊரில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே அது சரி. இங்கே 30 fps-ல்தான் எடுத்தாக வேண்டும் என்றாலும் ஷட்டரை 1/50 வையுங்கள். தீற்றல் கொஞ்சம் கூடும், யாருக்கும் தெரியாது. பட்டை ஊர்ந்தால் எல்லோருக்கும் தெரியும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது 1/50-லேயே பட்டை மெதுவாக நகர்வதைப் பார்க்கலாம். கேமரா மேல் குற்றமில்லை, ஜெனரேட்டர் 50-ல் நிற்காமல் முன்னே பின்னே போகிறது. சில கேமராக்களில் ஷட்டரைத் தசமப் புள்ளி அளவில் நகர்த்தலாம், திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை நிற்கிற வரை திருப்புங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் உங்கள் சொந்த பேட்டரி விளக்கு ஒன்றை முன்னால் வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

தவில் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் கல்யாணம் வைத்துக்கொண்டு வாசலில் செண்டை மேளம், உள்ளே டி.ஜே., நாதஸ்வரக்காரரை மட்டும் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். கெட்டிமேளத்துக்கு மட்டும் அவர் வேண்டும். அங்கே ஒரு விளக்கு போடுங்கள் என்று மண்டபத்தில் கேட்டால், மேடைக்கு மட்டும்தான் பேசியிருக்கிறோம் என்கிறார்கள். நான் ISO 3200-ல் இரைச்சலோடு எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். செண்டை மேளத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கும் 1/100 தான். சரி, விடுங்கள்.

அட்சதை போடுவதை ஸ்லோமோஷனில் கேட்பார்கள். அதற்கு 50 fps, 1/100. பாதி வேகத்தில் 25-ல் ஓடவிட்டால் அரிசி ஒவ்வொன்றும் சிறு கோடாக அழகாக விழும். இதே ஷாட்டை 1/50-ல் எடுத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்லோமோஷன் கொழகொழவென்று இருக்கும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று கல்யாணம் முழுவதையும் 50 fps-ல் எடுத்து வைத்துவிட்டு, எடிட்டில் சாதாரண வேகத்துக்கு 25 டைம்லைனில் போடுகிறார்கள். ஒன்று விட்டு ஒரு பிரேம் தூக்கி எறியப்படும். மிஞ்சுகிற பிரேமில் 1/100 தீற்றல்தான் இருக்கும், அதாவது 90 டிகிரி. ஊர்வலம் முழுவதும் லேசாகத் துடிக்கும், காரணம் என்னவென்று தெரியாமல் கேமராவை மாற்றலாமா என்று யோசிப்பார்கள். ஸ்லோமோஷன் வேண்டிய ஷாட்டை மட்டும் 50-ல் எடுங்கள்.

வெயிலுக்கு வருவோம், உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அரசலாற்றங்கரையில், வயல் வரப்பில் என்று ஜோடியை நிறுத்தி எடுக்கிறோம். நல்ல வெயிலில் ISO 100, f/16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 வரும். பின்புலம் மங்க வேண்டும் என்று f/2.8-க்கு வந்தால் ஐந்து ஸ்டாப் கூடி, அதாவது வெளிச்சம் ஐந்து தடவை இரட்டிப்பாகி, ஷட்டர் 1/3200 ஆகிவிடும். அதில் எடுத்துப் பாருங்கள், காற்றில் அசைகிற நெற்பயிர் அலையாகத் தெரியாமல், குளிர்ஜுரம் வந்தவன் போல நடுங்கும். 1/50-க்கு இறங்க ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு ND64 பில்டர். f/5.6 போதும் என்றால் ND16. லாக் ப்ரொபைலில் எடுப்பவர்களுக்கு ISO 800-க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆட்டோவில் விட்டால் வெயிலில் அது ஷட்டரைத்தான் ஏற்றும், வேறு வழி அதற்கு இல்லை, பெரும்பாலான போன்களில் துவாரம் மாறாது. போனுக்கும் கிளிப் போட்டு மாட்டுகிற ND கிடைக்கிறது.

அப்புறம், மங்கல் எல்லாம் ஷட்டரால் வருவதில்லை. நாதஸ்வரத்தின் அணசு கூர்மையாக இருந்து விரல் மட்டும் மங்கினால் ஷட்டர். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கிற வாழைமரம் கூர்மையாக இருந்து ஆள் மங்கினால் போகஸ். இந்த மூன்றையும் பிரிக்காமல் ஷட்டரை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் வெட்டல்தான் மிஞ்சும். சந்தேகமாக இருக்கும்போது மெதுவான ஷட்டர் பக்கமே சாயுங்கள் என்று சில எடிட்டர்கள் சொல்வார்கள், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூர்மையாக எடுத்ததில் மென்பொருளால் ஓரளவு தீற்றல் சேர்க்க முடியும், பதிந்துவிட்ட தீற்றலை எடுக்க முடியாது. ஆனால் அந்தச் செயற்கைத் தீற்றல், விரல் மேல் விரல் போகிற இடத்தில் கிழிந்துவிடும். அதனால் எடுக்கும்போதே 1/50-ஐயும் 1/100-ஐயும் பத்துப் பத்து வினாடி எடுத்து ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வழி.

ஓடுகிறவர்கள் என்று சொன்னீர்கள். ஓட்டப் பந்தயத்தைப் பார்த்து ரசிக்க எடுக்கிறீர்கள் என்றால் 25-க்கு 1/100, வெயிலுக்கு ND. கபடியில் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்க்க என்றால் 1/1000 வையுங்கள், 50 fps-ல் எடுங்கள், யார் சொல்வதையும் கேட்காதீர்கள். அந்த வீடியோவை யாரும் அழகுக்காகப் பார்க்கப் போவதில்லை.