என் அத்தானின் கொப்பியில் இருந்த 45 நாள்

கேள்வி: தளபாடம், கோர்ஸ் மாதிரி ஆட்கள் யோசித்து யோசித்து வாங்குகிற பொருட்களுக்கு அட்ரிபியூஷன் விண்டோவை, அதாவது விளம்பரத்துக்குப் பிறகு எத்தனை நாளுக்குள் வாங்கினால் அது விளம்பரத்தின் கணக்கில் சேரும் என்பதை, எத்தனை நாள் வைப்பது? 7 நாள் போதுமா, 90 நாள் வைக்கலாமா?

நீங்களும் யாரோ ஒரு சொந்தக்காரரின் கடைக்குத்தான் விளம்பரம் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் "உன் விளம்பரத்தால எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டிருப்பார்கள். அப்படி இல்லை, பெரிய கம்பனியில் இருக்கிறீர்கள் என்றால் மன்னியுங்கள், இந்தப் பதில் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும்.

எங்கள் அத்தானுக்கு மட்டக்களப்பில் தளபாடக் கடை. தேக்கு, முதிரையில் கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை. நான் படித்தது கணக்கியல். ஆனால் லப்டொப் வைத்திருப்பவன் எல்லாம் தெரிந்தவன் என்பது எங்கள் குடும்பச் சட்டம். பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், விளம்பரம் போடவும் என்னைத்தான். சம்பளம் ஒரு பிளேன்டீ.

போன வருடம் மே மாதம் பேஸ்புக்கில் 60,000 ரூபாவுக்கு விளம்பரம் போட்டோம். பார்க்கிறவர் அழுத்தினால் கடையின் வட்ஸ்அப்புக்கு வரும். கடையில் முற்பணம் கட்டியவர்களின் போன் நம்பர், திகதி, தொகையை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பட்டியலாக பேஸ்புக்கில் ஏற்றினேன். அது நம்பரை வைத்து, விளம்பரத்தை அழுத்தியவர்களோடு பொருத்திப் பார்க்கும். விண்டோ வழக்கம்போல 7-day click, 1-day view. அதாவது அழுத்தி ஏழு நாளுக்குள், அல்லது சும்மா பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினால்தான் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் விழும்.

மாதக் கடைசியில் திரையில் 3 விற்பனை. அத்தான் கல்குலேட்டரைத் தட்டினார். "இருபதாயிரம் குடுத்து ஒரு ஆளைக் கூட்டி வாறதா மச்சான்? நிப்பாட்டு." நிப்பாட்டினேன்.

ஜூன் முழுக்க ஆட்கள் வந்தார்கள். "பாத்தியா, விளம்பரம் இல்லாமலே வாறாங்க" என்று அத்தான் எனக்கு மட்டுமில்லை, வந்த தச்சருக்கும் சொன்னார். ஜூலை நடுப்பகுதியில் கடை வெறிச்சோடியது. அப்போது குற்றம் ஆடி மாதத்தின் மேல் விழுந்தது. முந்தின வருட ஆடியில் விற்ற பில் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தக் கோபத்தில்தான் மூன்று இரவு உட்கார்ந்தேன். கடை வட்ஸ்அப்பில் மே மாதம் முதன்முதலாகக் கதைத்த ஒவ்வொரு நம்பரையும் எடுத்து, பில் புத்தகத்தில் முற்பணம் கட்டிய திகதியோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். மே மாதம் வந்து கதைத்தவர்களில் வாங்கியது 3 பேர் இல்லை, 14 பேர். மற்றவர்கள் ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் வந்திருக்கிறார்கள். 'விளம்பரம் இல்லாமல் வந்தவர்கள்' என்று அத்தான் சொன்ன ஆட்களே அவர்கள்தான். ஒரு விற்பனைக்கு 20,000 இல்லை, ஏறக்குறைய 4,300 ரூபா.

ஆகஸ்டில் விளம்பரத்தை மறுபடி தொடங்கினோம். மே, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்திலும் முதலில் கதைத்தவர்களைச் சேர்த்தபோது 42 விற்பனை. முதல் கதைப்புக்கும் முற்பணத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணினேன். முதல் 7 நாளுக்குள் 9 பேர். 14 நாளில் 15. 30 நாளில் 28. 45 நாளில் 36. 60 நாளில் 40. 90 நாளில் 41. கடைசி ஒருவர் நான்கு மாதம் கழித்து, மகனின் கல்யாணம் நிச்சயமான பிறகு வந்தார்.

இப்படி எண்ணும்போது நான் ஒரு பிழை விட்டேன், நீங்கள் விடாதீர்கள். முதல் தடவை ஒக்டோபர் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டேன். அப்போது பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் வாங்குவதுபோல் தெரிந்தது. காரணம் எளிது, செப்டம்பரில் கதைத்தவருக்கு இரண்டு மாதம் யோசிக்க இன்னும் நேரமே கிடைக்கவில்லை. முதல் கதைப்பு நடந்து 90 நாள் முடிந்தவர்களை மட்டும் எடுத்துத்தான் எண்ண வேண்டும்.

நான் 45 நாளை எடுத்தேன். 42-இல் 36, கிட்டத்தட்ட 86 வீதம். அதற்குப் பிறகு நாட்களைக் கூட்டக் கூட்டக் கிடைக்கும் ஆட்கள் குறைவு, சந்தேகம் கூட. 45-க்கும் 60-க்கும் இடையில் வந்த நான்கு பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். இருவர் பக்கத்து வீட்டில் எங்கள் அலுமாரியைப் பார்த்து வந்தவர்கள், விளம்பரத்தில் முன்பு விலை கேட்டதே அவர்களுக்கு நினைவில்லை.

90 நாள் வைத்தால் விற்பனை எதையும் விடாமல் பிடிக்கலாம் என்பார்கள். இது கொழும்பு இல்லை. சின்ன ஊரில் மூன்று மாதம் விளம்பரம் ஓடினால், கடைக்கு எப்படியும் வரப்போகிறவர்களில் பலர் அதை ஒரு தடவையாவது அழுத்தியிருப்பார்கள். அவர்களையும் விளம்பரம் தன் பிள்ளைகள் என்று சொல்லும். இதைச் சோதிக்க ஒரு வேலை செய்தேன். பழைய கட்டில், மேசையைத் திரும்பப் பொலிஷ் பண்ணக் கொண்டுவந்த 19 பேரின் நம்பரை விற்பனை என்ற பெயரில் ஏற்றினேன். பொலிஷ் பற்றி எங்கள் விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை. பேஸ்புக் அதில் 5 பேரை விளம்பரத்தால் வந்தவர்கள் என்றது. பார்த்ததைக் கழித்து அழுத்தியதை மட்டும் எண்ணினால் 1. அன்றிலிருந்து 1-day view-ஐ எடுத்துவிட்டேன். (சோதித்த பிறகு அந்தப் பட்டியலை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணக்கே குழம்பும்.)

சரி, 45 நாளை எங்கே வைப்பது? கூகுள் விளம்பரத்தில் வைக்கலாம். அங்கே வழக்கமாக இருப்பது 30 நாள், 1 முதல் 90 வரை நீங்களே எண்ணைப் போடலாம். மாற்றினால் அன்றிலிருந்துதான் நடைமுறைக்கு வரும், பழைய விற்பனையைத் திரும்ப எண்ணாது. இன்னொன்று, கூகுள் விற்பனையை வாங்கிய நாளில் இல்லை, அழுத்திய நாளில் எழுதும். அதனால் கடைசி ஒரு மாதம் எப்போதும் நட்டம்போலத் தெரியும். பிறகு பார்த்தால் அதே மாதம் நிமிர்ந்திருக்கும். 45 நாள் ஆறாத மாதத்தைப் பார்த்து விளம்பரத்தை நிறுத்தினால் அது அத்தான் செய்த வேலைதான்.

பேஸ்புக் விளம்பரத்தின் அமைப்பில் அழுத்தியதற்கு 7 நாளுக்கு மேல் வைக்க முடியாது. முன்பு 28 நாள் இருந்தது, செயலிகள் ஆளைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்ற ஐபோன் மாற்றத்தை ஒட்டி 2021 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே அங்கே விண்டோவை 45 நாளுக்கு நீட்ட வழியில்லை. ஏழு நாளுக்குள் நடக்கிற, வாங்குவதைக் காட்டிக்கொடுக்கிற ஒரு செயலைத் தேட வேண்டும். கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கதைத்தவர்கள் 390 பேர். அதில் முதல் கிழமையிலேயே அறையின் அளவையோ படத்தையோ அனுப்பியவர்கள் 70. அந்த 70-இல் 31 பேர் வாங்கினார்கள். "விலை?" என்று மட்டும் கேட்டுப் போன 320 பேரில் 11 பேர். இப்போது நான் கிழமைக் கணக்கில் பார்ப்பது ஒருவர் அறையின் அளவோ படமோ அனுப்ப எத்தனை ரூபா போகிறது என்பதை மட்டும். விற்பனையைப் பேஸ்புக் திரையில் பார்ப்பதே இல்லை, கொப்பியில் 45 நாள் கழித்துப் பார்க்கிறேன்.

ஒரு விற்பனையை, வாங்கும்வரை ஆள் தொட்ட எல்லா விளம்பரங்களுக்கும் பங்கு பிரிக்கிற பல தொடுகை மொடல் பற்றிச் சொல்ல இங்கே யாராவது வருவார்கள் என்று தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எங்கள் ஊரில் விளம்பரத்தைப் பார்ப்பது மனைவி, கடைக்கு வருவது மாமா, பணம் அனுப்புவது கட்டாரில் இருக்கும் கணவர். பில்லில் விழுவது மாமாவின் நம்பர். எந்த மொடலும் இந்த மூன்று பேரை ஒரே ஆளாகப் பார்க்காது. "முதல்ல யார் கதைச்சது, எந்த நம்பர்ல?" என்று கவுண்டரில் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இந்த 45-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அம்பாறைப் பக்கம், சம்மாந்துறை, அக்கரைப்பற்றிலிருந்து டிசம்பரில் கதைத்தவர்கள் பெரும்பாலும் சொன்னது ஒன்றுதான்: "வெட்டு முடியட்டும்." பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நெல்லுப் பணம் கையில் வந்த பிறகுதான் வந்தார்கள். அவர்களுக்கு 75 நாளுக்கு மேல் போகிறது. எனவே நவம்பரிலிருந்து ஜனவரி வரை கதைத்தவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதுகிறேன், அந்தப் பக்கத்துக்கு 90 நாள்.

கோர்ஸ் பற்றிச் சுருக்கமாக. கல்முனையில் மச்சாளின் கோர்ஸ் நிலையத்துக்கும் கொஞ்சம் பார்த்தேன். அங்கே மணிக்கூடு கேட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, அடுத்த தொகுதி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. ஜனவரியில் கேட்டவர் ஜூன் தொகுதியில் சேர்கிறார் என்றால் அவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறார். முழுக் கட்டணத்தை விற்பனை என்று எண்ணினால் எந்த விண்டோவும் பத்தாது. பதிவுக் கட்டணத்தை எண்ணுங்கள், தொகுதி தொகுதியாக நாட்களைப் பாருங்கள்.

அத்தான் இப்போது பில் புத்தகத்தில் 'முதல் கதைத்த திகதி' என்று ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் வட்ஸ்அப்பில் நம்பரைத் தேடி நிரப்புகிறேன். பிளேன்டீ இன்னும் அதே பிளேன்டீதான்.