ஐந்து நிமிடம், ஒரு சமையலறை, இரண்டு நடிகர்கள்: மூன்று அங்கங்கள் பற்றிய கேள்வி பதில்

திரைக்கலை மாணவர்: ஐயா, திரைக்கதையை மூன்று அங்கங்களாக, கால், அரை, கால் என்று பிரிக்க வேண்டும் எனப் படித்தேன். அப்படியானால் ஐந்து நிமிடப் படத்தில் முதல் அங்கம் 75 நொடிகள்தானே?

பதில்: கணக்கு சரிதான். ஆனால் அந்த விகிதம் முழுநீளப் படத்துக்கு உரியது. 1979-இல் அதைப் பரவலாக்கிய அமெரிக்கத் திரைக்கதைப் பயிற்றுநர் சிட் ஃபீல்டு, 120 பக்கத் திரைக்கதையை மனத்தில் வைத்தே 30, 60, 30 என்று பிரித்தார். அங்கே ஊரையும் குடும்பத்தையும் தொழிலையும் பகையையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஓர் அறையில் இருவர் மட்டுமே இருக்கும் படத்தில் அந்த வேலை இல்லை என்பதால், 75 நொடிகள் கொடுத்தால் அவற்றைப் பெரும்பாலும் நலம் விசாரிப்பே நிரப்பிவிடும். நான் 300 நொடிகளைப் பங்கிடுவது இப்படி: தலைப்புக்கு 10, முதல் அங்கத்துக்கு 50, இரண்டாவதற்கு 160, மூன்றாவதற்கு 60, இறுதிப் பெயர்ப் பட்டியலுக்கு 20. முதல் அங்கத்தைவிட மூன்றாவது சற்று நீள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முடிவு நடிகரின் முகத்தில் உருவாவதற்கு மௌனம் தேவை. படத்தொகுப்பு மேசையில் அந்த மௌனத்தைச் சுருக்கினால் முடிவே நம்பத்தகாததாகிவிடும்.

வங்கி ஊழியர், முதல் படம் எடுக்கவிருப்பவர்: ஒரே கதையை எடுத்துக்கொண்டு மூன்று அங்கங்களும் எங்கே மாறுகின்றன என்று காட்ட முடியுமா?

பதில்: அண்ணன், தங்கை, தங்கை வீட்டுச் சமையலறை, ஒரு விடுதலைப் பத்திரம் ஆகிய நான்கையும் வைத்துக்கொள்வோம். தந்தை இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பூர்வீக வீட்டில் தன் பங்கைத் தங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். நாளைக் காலை பத்திரப் பதிவு. அண்ணன் வந்து அழைப்பு மணி அடிப்பதிலிருந்து தொடங்காமல், பத்திரம் ஏற்கெனவே மேசைமேல் இருக்க, தங்கை அடுப்பருகே காபி ஆற்றிக்கொண்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள். அண்ணன் பேனாவை நீட்டுகிறார். வழக்கமாக அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கை, "படிச்சுட்டுப் போடுறேன், அண்ணா" என்கிறார். அந்த ஒரு வரியோடு முதல் அங்கம் முடிகிறது. ஏனெனில் அதற்குப் பிறகு படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் சாத்தியமில்லை, அண்ணன் இயல்பாக உட்கார்ந்திருப்பதும் சாத்தியமில்லை.

இரண்டாம் அங்கத்தில் அவர் படிக்கிறார், அண்ணன் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார். இதை மட்டும் நீட்டினால் 160 நொடிகள் தாங்காது. எனவே ஏறத்தாழ நடுவில், முத்திரைத்தாள் வாங்கிய தேதி தங்கையின் கண்ணில் படுகிறது: தந்தை மருத்துவமனையில் உயிரோடு இருந்த நாள். அதுவரை அண்ணன் கேட்பவர், தங்கை தயங்குபவர். இனி தங்கை கேட்பவர், அண்ணன் பதில் சொல்ல வேண்டியவர். "அப்பா சாகும் முன்னாலேயே தாள் வாங்கிட்டியா?" என்ற குற்றச்சாட்டு வளர்ந்து உச்சத்துக்கு வரும்போது, அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தாளின் மேலிருக்கும் தங்கையின் விரலை நகர்த்துகிறார். தேதிக்கு அருகில் வாங்கியவர் பெயராகத் தந்தையின் பெயர் இருக்கிறது. இரண்டாம் அங்கம் இங்கே முடிகிறது. புதிய ஆளோ தொலைபேசி அழைப்போ வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு திருப்பங்களும் முதல் காட்சியிலிருந்தே மேசைமேல் கிடந்த ஒரே தாளிலிருந்து பிறக்கின்றன. வெளியிலிருந்து அழைப்பு வந்து கதையைத் திருப்பினால், அது மூன்றாவது நடிகரைத் திருட்டுத்தனமாகச் சேர்ப்பதுதான்.

படத்தொகுப்பு உதவியாளர்: தேதியைக் காட்டிவிட்டுப் பெயரை மறைப்பது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: தங்கைக்குத் தெரிந்ததைப் பார்வையாளருக்கு மறைத்தால்தான் ஏமாற்று. இங்கே அவரே பெயரைப் பார்க்கவில்லை. ஆகவே அந்த க்ளோஸ்-அப்பை அவருடைய பார்வைக் கோணத்திலிருந்தே, அவர் விரல் பெயர்மேல் இயல்பாகப் படிந்திருக்குமாறு எடுக்க வேண்டும். அண்ணன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் நீங்கள் சொல்லும் குற்றம் உண்மையாகிவிடும்.

ஆவண எழுத்தர்: கதை நன்று. ஆனால் முத்திரைத்தாள் வாங்கி ஆறு மாதம் கடந்துவிட்டால் செல்லாதே! தந்தை வெகு நாள் படுக்கையில் இருந்ததாக யாராவது எழுதினால் என்ன செய்வது?

பதில்: ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. பயன்படுத்துவதற்குக் காலாவதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியிருக்கிறது. ஆனாலும் உங்கள் ஐயம் பார்வையாளருக்கும் வரலாம் என்பதால், தாளின் தேதியை மரணத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக மட்டும் வைப்பது நல்லது. ஐந்து நிமிடப் படத்தில் ஒருவர் பத்து நொடி சட்டம் யோசித்தாலும் திருப்பம் கைவிட்டுப் போகும்.

குறும்பட இயக்குநர்: நான் இரண்டு நண்பர்களை மொட்டை மாடியில் பேசவிட்டு எடுத்தேன். ஐந்து பக்கம்தான் எழுதினேன், ஏழு நிமிடம் வந்துவிட்டது. இரண்டாம் அங்கத்தைக் குறைக்கட்டுமா?

பதில்: ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஆங்கிலத் திரைக்கதையின் குறிப்பிட்ட எழுத்துருவையும் பக்க அமைப்பையும் நம்பி உருவானது. இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாகத் தமிழில் எழுதும் வழக்கத்துக்கு அது பொருந்தாது. அடுத்த முறை ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது உட்பட எல்லாவற்றையும் செய்தபடியே உரக்கப் படியுங்கள். இப்போது கையிலிருக்கும் படத்தில், வெட்டுவதற்கு முன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். யார் யாரிடம் எதை வேண்டுகிறார் என்பது எந்த இடத்தில் மாறுகிறது என்று உங்களால் காட்ட முடிகிறதா? முடியவில்லையெனில் சிக்கல் நீளத்தில் இல்லை. இருவரும் ஒரே கருத்தை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முடிகிறதென்றால், பெரும்பாலும் முதல் மாற்றத்துக்கு முன்னுள்ள பகுதியில்தான் ஒன்றரை நிமிடம் மிகையாக இருக்கும்.

ஒளிப்பதிவாளர்: ஒரே சமையலறையை ஐந்து நிமிடம் பார்த்தால் சலிக்குமே. தந்தை தாள் வாங்கும் காட்சியை இடையில் காட்டலாமா?

பதில்: அது இரண்டாவது இடமும் மூன்றாவது நடிகரும் ஆகிவிடும், அதைவிட மோசம், அண்ணனின் மௌனம் செய்ய வேண்டிய வேலையை அது பறித்துவிடும். இடத்தை மாற்றாமல் இடத்துக்குள் ஆட்களை மாற்றுங்கள். முதல் அங்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், தங்கை அடுப்பருகே முதுகு காட்டி நிற்கிறார். இரண்டாவதில் இருவரும் மேசைக்கு இரு பக்கமும் எதிரெதிரே. தேதி தெரிந்ததும் தங்கை எழுந்துவிடுகிறார். மூன்றாவதில் தங்கை அண்ணன் அமர்ந்திருந்த நாற்காலியில் உட்கார, அவர் வாசலோரம் நிற்கிறார். கேமரா அதுவரை மேசைக்கு ஒரே பக்கத்தில் இருந்து, விரல் நகரும் ஷாட்டுக்குப் பிறகு மட்டும் மறுபக்கம் தாண்டினால், காரணம் புரியாமலேயே அறை மாறியதாகப் பார்வையாளர் உணர்வார். முன்பே இரண்டு முறை தாண்டியிருந்தால் அந்த விளைவு கிடைக்காது.

மாணவர் (மீண்டும்): இறுதியில் தங்கை கையெழுத்துப் போடுகிறாரா, இல்லையா? போடாமல் விட்டால்தான் வலுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வங்கி ஊழியர்: தந்தையே விரும்பியதாகத் தெரிந்த பிறகு போடாமல் இருந்தால் அவர் பிடிவாதக்காரியாகத் தெரிவார்.

பதில்: தந்தை எதற்காக அந்தத் தாளை வாங்கினார் என்பது படத்தில் யாருக்கும் தெரியாது என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். தங்கைக்குக் கொடுப்பதற்கான பத்திரம் எழுதவும் அவர் வாங்கியிருக்கலாம். அண்ணன் பின்னர் அதில் வேறு வாசகத்தைத் தட்டச்சு செய்திருக்கலாம். என் எழுத்தில் தங்கை அதைத்தான் கேட்பார்: "அப்பா இதுல என்ன எழுதச் சொன்னார்?" பிறகு வரும் 40 நொடிகளில் அண்ணன் பொய் சொல்கிறாரா, சொல்லத் தெரியாமல் நிற்கிறாரா என்பதை நடிகரோடு ஒத்திகை பார்த்து முடிவு செய்வேன். கையெழுத்து எப்படி முடிந்தாலும் அந்தக் கேள்விக்குப் பின்னரே வர வேண்டும். கேள்வி இல்லாமல் வந்தால் மூன்றாம் அங்கம் என்று ஒன்று இருக்காது, இரண்டாவதன் வால்தான் இருக்கும்.