கோவையிலிருந்து மதுரை குடோனுக்கும் பெங்களூருக்கும் சரக்கு: எதற்கு சலான், எதற்கு இன்வாய்ஸ்?

கேள்வி: கோவையில் சின்ன வால்வு யூனிட் வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு குடோன் இருக்கிறது, இப்போது பெங்களூரிலும் ஒன்று எடுக்கிறோம். நம்ம சரக்கை நம்ம குடோனுக்கே அனுப்ப இன்வாய்ஸ் வேணுமா, டெலிவரி சலான் போதுமா? இ-இன்வாய்ஸ் எப்போ கட்டாயம்?

பதில்:

நானும் கோவைதான், உங்களைப் போலவே வால்வு தொழில். இந்தக் குழப்பத்தில் ஒரு முறை பணம் கட்டியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஜிஎஸ்டி நம்பர். மதுரை குடோன் உங்கள் தமிழ்நாட்டு நம்பரிலேயே இருக்கிறது. ஆகவே கோவையிலிருந்து மதுரைக்குப் போகும் சரக்கு விற்பனை ஆகாது, வரியும் கிடையாது. டெலிவரி சலான் போதும். பெங்களூர் வேறு மாநிலம், அங்கே தனி நம்பர் வாங்க வேண்டும். பான் ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வேறு ஆள். அதனால் காசு கைமாறாவிட்டாலும் அது விற்பனைக் கணக்குதான்: ஐஜிஎஸ்டி போட்டு டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். அந்த வரியைப் பெங்களூர் நம்பரில் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே சரக்கை வைத்துப் பார்ப்போம். 120 வால்வு, ஒன்று 600 ரூபாய், மொத்தம் 72,000. மதுரைக்குப் போனால் சலானில் மதிப்பு 72,000. தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் வரம்பு 1 லட்சம் என்பதால் இ-வே பில் தேவையில்லை, சலான் மட்டும் வண்டியில் போனால் போதும். அதே பெட்டிகள் பெங்களூருக்குப் போனால் 18% ஐஜிஎஸ்டி 12,960 சேர்ந்து இன்வாய்ஸ் 84,960 ஆகிறது. மாநிலம் தாண்டும்போது வரம்பு 50,000, அதுவும் வரியோடு சேர்த்த தொகைக்கு. ஆகவே இ-வே பில் கட்டாயம். பெங்களூருக்கு என்ன விலை போடுவது என்று கேட்பீர்கள். அங்கே முழு உள்ளீட்டு வரியும் எடுக்கிற நிலையில் இருந்தால், இன்வாய்ஸில் நீங்கள் போடும் விலையையே சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி 28 சொல்கிறது.

சலான் என்றால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பது இல்லை. வரிசை எண், தேதி, இரண்டு முகவரி, ஜிஎஸ்டி நம்பர், எச்எஸ்என், அளவு, மதிப்பு, கையெழுத்து எல்லாம் வேண்டும். மூன்று பிரதி: ஒன்று குடோனுக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று உங்களுக்கு. இதில் பலர் விட்டுவிடுவது வேறு ஒன்று. மதுரை குடோன் உங்கள் பதிவில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்ந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் ஆகியும் போர்ட்டலில் சேர்க்காதவர்களை எனக்குத் தெரியும். வழியில் நிறுத்தினால், "இந்த முகவரி உங்கள் பதிவிலேயே இல்லையே, யாருக்குப் போகிறது?" என்ற கேள்விக்குக் கையில் பதில் இருக்காது.

மதுரைக்குப் போகும் சரக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லில் `Outward`, அதற்குள் `For Own Use`, ஆவண வகையில் `Delivery Challan` என்று தேர்ந்தெடுங்கள். அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் உங்கள் நம்பரே வரும். அது தப்பில்லை.

இப்போது பணம் கட்டிய கதை. பெங்களூர் குடோனுக்கு இதே அளவு சரக்கை ஒரு பார்சல் சர்வீஸில் போட்டேன். இன்வாய்ஸ் சரி, இ-வே பில்லும் சரி. `Part B`யில் கோவையில் ஏற்றிய வண்டி நம்பர் இருந்தது. சேலத்தில் அவர்கள் வேறு லாரிக்கு மாற்றிவிட்டு, `Part B`யை மாற்றவில்லை. ஓசூர் தாண்டியதும் சோதனைக் குழு நிறுத்தியது. தாளில் இருப்பது ஒரு வண்டி, நிற்பது வேறு வண்டி. வண்டி நம்பரில் ஓரிரு எழுத்தோ எண்ணோ தப்பென்றால் 1,000 ரூபாயோடு விட வேண்டும் என்று 2018 செப்டம்பர் சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் முழு நம்பரும் வேறாக இருந்தால் அது அதில் வராது. 129-வது பிரிவில் அபராதம், வரியைப் போல இரண்டு மடங்கு: 25,920 ரூபாய். சரக்கு நாலு நாள் அங்கேயே கிடந்தது. வண்டியை மாற்றியது பார்சல்காரர்தான், கட்டியது நான்தான்.

அதிலிருந்து எல்.ஆர். போடும்போதே `Transporter ID`யைக் கேட்டு வாங்கி இ-வே பில்லில் போட்டுவிடுகிறேன். அப்போது வண்டி மாறினால் அவர்களே `Part B`யை மாற்றலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முறை இ-வே பில் நம்பரைப் போட்டு, எந்த வண்டி காட்டுகிறது என்று பார்க்கிறேன். அப்புறம் பார்சல் ஆபீஸுக்கு ஒரு போன். நச்சரிப்பதாக அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும்.

இ-வே பில் ஆயுளையும் கவனியுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சமிருக்கும் துண்டு தூரத்துக்கும் ஒரு நாள். கோவை-பெங்களூர் சுமார் 365 கி.மீ., அதனால் இரண்டு நாள். முதல் நாள் என்பது `Part B` போட்ட மறுநாள் நள்ளிரவில் முடிகிறது. லாரி கெட்டு நின்றால் காலாவதிக்கு முந்திய 8 மணி நேரத்திலோ பிந்திய 8 மணி நேரத்திலோதான் நீட்டிக்க முடியும்.

இ-இன்வாய்ஸ் விஷயத்தில் எல்லோரும் சொல்வது "5 கோடி தாண்டினால்" என்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதுதான் வரம்பு. ஆனால் 5 கோடியை எப்படிக் கூட்டுவது என்பதில்தான் வம்பு. பான் அடிப்படையில் எல்லா மாநில நம்பர்களையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். பெங்களூருக்கு நீங்கள் போட்ட குடோன் மாற்று இன்வாய்ஸும் அதில் வரும். வெளியாருக்கு விற்றது 4.6 கோடி, பெங்களூருக்கு அனுப்பியது 60 லட்சம் என்றால் கணக்கு 5.2 கோடி. வெளியாருக்கு விற்றதை மட்டும் பார்த்து "நமக்கு வராது" என்று உட்கார்ந்திருப்பீர்கள். மதுரைக்குப் போன சலான்கள் இதில் சேராது.

2017-18 முதல் ஏதோ ஒரு வருடத்தில் தாண்டியிருந்தாலே போதும், அடுத்த ஏப்ரலிலிருந்து கட்டாயம். பின்னால் விற்பனை குறைந்தாலும் விலக்கு வராது. அதன் பிறகு பெங்களூர் இன்வாய்ஸை முதலில் இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றி, 64 எழுத்து ஐஆர்என்னும் க்யூஆர் கோடும் வாங்கி, அதைத் தாளில் அச்சிட்டுத்தான் வண்டி புறப்பட வேண்டும். அது இல்லாத இன்வாய்ஸ் சட்டப்படி இன்வாய்ஸே இல்லை, பெங்களூர் நம்பரில் எடுக்கும் உள்ளீட்டு வரியும் சிக்கலாகும். சலானுக்கு இ-இன்வாய்ஸ் கிடையாது. தப்பாகப் போட்டுவிட்டால் ஐஆர்என்னையும் இ-வே பில்லையும் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் வழியில் அதிகாரி சோதித்துவிட்ட இ-வே பில்லை ரத்து செய்ய முடியாது.

விற்காத சரக்கு திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். மதுரையிலிருந்து வந்தால் மறுபடி சலான், பெங்களூரிலிருந்து வந்தால் அந்த நம்பரிலிருந்து உங்களுக்கு ஒரு இன்வாய்ஸ்.