கழிச்சல் கன்றுக்கு உப்புக்கரைசல் எப்படி, எவ்வளவு?

“10 நாள் கன்று தண்ணியாகக் கழியுது, பாலை நிறுத்திட்டு உப்புக்கரைசல் மட்டும் கொடுக்கலாமா?”

பாலை நிறுத்த வேண்டாம், கரைசலில் போதிய சத்து கிடையாது, கன்று துவண்டுவிடும். முதலில் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். அது 2 நொடிக்கு மேல் மடிப்பாகவே நின்று, கண்ணும் குழிக்குள் இறங்கி, விழிக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், உடல் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீர் போயிருக்கும். 40 கிலோ கன்றென்றால் 3.2 லிட்டர். கழிச்சலில் இன்னும் போகப்போவதையும் சேர்த்து, வழக்கமான பாலுக்கு மேல், கன்றுகளுக்கான கரைசல் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் பொட்டலத்தில் போட்ட அளவுப்படியே கலந்து, 2 லிட்டர் வீதம் இரண்டு தடவை, பால் கொடுத்து 2 மணி நேரமாவது கழித்துக் கொடுங்கள். சரி, விரலை வாயில் வைத்தால் சப்பவே இல்லை, வாய் சில்லென்று இருக்கிறது, எழவும் முடியவில்லை என்றால்? வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது மருத்துவர் நரம்பில் ஏற்றுவதுதான் வழி, அன்றைக்கே.