தாங்கிக்கும் தலைக்கும் நடுவில் எத்தனை மீட்டர்?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் ஒற்றை மாடி வரிசை வீட்டில் இருக்கிறோம். லயத்தில் வாளியில் குளித்து வளர்ந்த எங்களுக்குப் பிள்ளைகள் புதுக் குளியலறை கட்டித் தருகிறார்கள். 3 மீட்டர் உயரத்தில் இருந்த பழைய சீலிங்குக்குக் கீழே, 2.6 மீட்டரில் ஃபால்ஸ் சீலிங் வருகிறது. அதில் தொங்கவிட 12 அங்குல ரெயின் ஷவரும் 10 சென்டிமீட்டர் கம்பும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். குழாயைத் தாங்கியிலிருந்து நேராகச் சீலிங் வழியே இறக்கிவிடலாம், சுவருக்குள் இறக்கி ஏற்றினால் வேகம் போய்விடும் என்கிறார் பிளம்பர். வாங்கலாமா? என் கணவர் ஐந்தடி பத்தங்குலம்.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஷவர் நல்ல ஷவராகவே இருக்கலாம். உங்கள் வீட்டில் அதற்குத் தண்ணீர் கிடைக்குமா என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக் குழாய் ஒன்றுக்குத்தான் தெருக்குழாயின் நேரடி அழுத்தம் கிடைக்கும். குளியலறைத் தண்ணீர் கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கும் தாங்கியிலிருந்து தன் எடையால் இறங்கி வருகிறது. அதன் அழுத்தம் முழுவதும் உயர வித்தியாசத்தில்தான் இருக்கிறது: பத்து மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 பார், ஒரு மீட்டர் இறங்கினால் 0.1 பார். உங்கள் தாங்கியின் அடிப்பாகம் தரையிலிருந்து 3.2 மீட்டரில் இருக்கிறது, பாதி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் 3.5 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாளி பிடிக்கும் குழாய் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கும். அதற்கு 2.9 மீட்டர் இறக்கம் கிடைக்கிறது. தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் மேலேயும் அப்படியே கொட்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

இப்போது 2.6 மீட்டர் சீலிங்கில் 10 சென்டிமீட்டர் கம்பை மாட்டுங்கள். ஷவர் தலையும் அதன் உருண்டை மூட்டும் சேர்ந்து இன்னொரு 7 சென்டிமீட்டர். ஷவரின் அடிமுகம் 2.43 மீட்டரில் நிற்கும். நீர்மட்டத்துக்கும் அதற்கும் இடையே 1.07 மீட்டர்தான், அதாவது 0.1 பாரைச் சற்றே தாண்டும். கடையில் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் அல்லது 1 பார் என்று அச்சிட்டிருப்பார்கள். 12 அங்குலத் தலையில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். அழுத்தம் போதாவிட்டால் நடுவிலுள்ள துளைகளில் மட்டும் நூல் நூலாக வடியும், ஓரத்தில் ஒன்றும் வராது. மழைக்கு ஆசைப்பட்டு, கூரை ஒழுக்குக்குக் கீழே நின்று குளிப்பது போல இருக்கும்.

கம்பின் நீளத்தை அழகுக்கான விஷயம் என்று கடைகளில் பேசுகிறார்கள். தாங்கித் தண்ணீரில் குளிக்கிறவருக்கு அது அழுத்தத்தின் விஷயமும்கூட. உங்கள் கணவர் ஏறத்தாழ 1.78 மீட்டர். அவர் தலைக்கு மேல் 30 சென்டிமீட்டர் இடம் விட்டால் ஷவரின் அடிமுகம் 2.1 மீட்டரில் நிற்கலாம். கையைத் தூக்கித் தலையைத் தேய்க்கவும் வசதி. சீலிங்கிலிருந்து அதுவரை 50 சென்டிமீட்டர். அதில் தலைக்கும் மூட்டுக்கும் 7 போனால் கம்புக்கு 43. கடையில் கிடைப்பதில் 40 சென்டிமீட்டர் கம்பு இதற்குப் பக்கத்தில் வரும். அடிமுகம் அப்போது 2.13 மீட்டரில் நிற்கும், இறக்கம் 1.37 மீட்டர். முன்பு 1.07. கம்பை மட்டும் நீட்டியதில் அழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. உயரத்தை அளக்கும்போது வெறும் சிமெண்டுத் தரையிலிருந்து அளந்துவிடாதீர்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 4, 5 சென்டிமீட்டர் ஏறும்.

இதுவும் போதுமா என்பதை வாங்குவதற்கு முன்பே வாளி சொல்லிவிடும். இப்போதுள்ள கை ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் வாயைத் தரையிலிருந்து 2.13 மீட்டரில் ஏணியில் நின்று பிடிக்கச் சொல்லுங்கள். குழாய் எட்டாவிட்டால் நீளமான ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். தண்ணீர் ஹீட்டர் வழியாக வருவதாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு குழாயிலிருந்து எடுங்கள். பக்கத்தில் அதே உயரத்துக்கு 10 லிட்டர் வாளியைத் தூக்கிப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். உங்களுடையதைப் போன்ற வீட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் இதைச் செய்து பார்த்தோம்: 2.13 மீட்டரில் 55 வினாடி, 2.43 மீட்டரில் 63 வினாடி. இது திறந்த வாயில் வரும் கணக்கு. ஷவர் தலையை மாட்டியதும் இன்னும் குறையும். 40 வினாடிக்குள் நிரம்பினால் 8 அங்குலத் தலையோடு பம்ப் இல்லாமல் சமாளிக்கலாம். ஒரு நிமிடத்தை நெருங்கினால், பெரிய தலைக்குப் பம்ப் இல்லாமல் வழியில்லை. பம்பைத் தாங்கிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். தெருக்குழாயில் நேராகப் பம்ப் மாட்டி இழுப்பது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடும்.

பிளம்பர் சொன்னதற்கு வருகிறேன். தாங்கியிலிருந்து நேராக இறக்கினால் திறந்து மூடும் வால்வை எங்கே வைப்பார்? ஏணி போட்டா திறப்பீர்கள்? வால்வு கைக்கெட்டும் 1.1 மீட்டர் உயரத்தில் சுவரில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் அதுவரை இறங்கி மீண்டும் ஏறினால் அழுத்தம் போய்விடும் என்பது தவறு. இறங்கியதில் பெற்றதை ஏறும்போது திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். கணக்கில் வருவது தாங்கியின் நீர்மட்டமும் ஷவரின் அடிமுகமும் மட்டுமே. நிஜமான இழப்பு குழாயின் உட்புற உராய்விலும் எல்போக்களிலும் இருக்கிறது. ஆகவே குழாயைப் பருமனாகப் போடச் சொல்லுங்கள். தடித்த சுவருள்ள பிபிஆர் குழாயில் 20 மில்லிமீட்டர் என்று விற்பதன் உள் வாய் 13 மில்லிமீட்டர்தான். 25 மில்லிமீட்டர் குழாயின் உள் வாய் 16.6. குறைந்த அழுத்தத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வழி இப்படி இருக்கட்டும்: வால்விலிருந்து சுவருக்குள் நேர் மேலே, சீலிங் பலகைக்குச் சற்று மேல் வரை; அங்கே ஒரே எல்போ; பிறகு குளிக்கும் இடத்தின் நடு வரைக்கும் ஒரு மீட்டர் அளவில் படுக்கைக் குழாய், ஷவர் பக்கம் இலேசாகச் சாய்ந்து. நடுவில் உத்தரம் வந்தால் அதன் மேல் ஏற்றி இறக்கக் கூடாது. அந்த மேட்டில் காற்று தங்கும். இவ்வளவு குறைந்த அழுத்தம் அதைத் தள்ளி வெளியேற்றாது. அடைப்பு எங்கே என்று தெரியாமல் ஷவரைக் கழற்றிக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பீர்கள். ஓட்டுக் கூரைக்கடியில் வெயிலில் காயும் குழாய்க்கு நுரை உறை போடுவது நல்லது. இல்லாவிட்டால் மதியம் முதலில் விழும் தண்ணீர் திடுக்கிட வைக்கும்.

தவறுகள் அதிகம் நடப்பது கம்பு சீலிங்கைச் சந்திக்கும் இடத்தில். பின்தகடு உள்ள பித்தளை எல்போ ஒன்றை அங்கே பொருத்த வேண்டும். அதைத் தாங்குவது பலகையாக இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் மேலே கான்கிரீட் தளம் இல்லை. எனவே பழைய சீலிங்கின் மரச்சட்டங்களிலிருந்தோ பக்கச் சுவரிலிருந்தோ இரும்புச் சட்டம் இறக்கி, அதில் எல்போவைத் திருகாணியால் இறுக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் கம்பின் நுனியில் கனமான தலை தொங்குகிறது. துடைக்கும்போது இழுப்பார்கள், பேரப்பிள்ளைகள் எட்டிப் பிடிப்பார்கள். எல்போவின் வாய் பலகையின் அடிமுகத்தோடு சமமாக வர வேண்டும். கம்பின் மரை ஒன்றரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். என் வீட்டில் எல்போ 4 சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டது; வேலைக்காரர் சின்ன இணைப்புத் துண்டு ஒன்றைச் செருகி மூடித்தட்டால் மறைத்துவிட்டார். எட்டு மாதம் கழித்துச் சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரிந்தது.

அதனால் பலகை ஏறுவதற்கு முன் எல்போவின் வாயை மூடி, கைப்பம்பால் 6 பார் ஏற்றி, இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இணைப்புகள் இருக்கும் இடத்துக்கு நேராகக் கைவிட்டுப் பார்க்கத் திறப்புக் கதவு ஒன்றும் வேண்டும். ஈரத்தில் தொங்கிவிடும் சாதாரண ஜிப்சம் பலகையைக் குளியலறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெந்நீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிறகு கேட்பீர்கள். சுவரில் இருக்கும் 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டரை இதோடு இணைக்க முடியாது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் அதனால் 5 டிகிரிதான் ஏற்ற முடியும். மேலும் அந்த வகை ஹீட்டரின் வெளிவாயில் வேறெதையும் மாட்டக் கூடாது. அதைக் கை ஷவருக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் பேரம் பேசும்போது, ‘குறைந்தபட்ச அழுத்தம் 0.1 பார்’ என்று ரசீதில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். எழுதித் தந்தும் வேலை செய்யாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 5 ரிங்கிட் கட்டணத்தில் போகலாம். எழுத மறுத்தால் 8 அங்குலத் தலையைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வால்வை மூடிய பிறகு கொஞ்ச நேரம் சொட்டும். தலைக்குள்ளும் படுக்கைக் குழாயிலும் தேங்கிய தண்ணீர் அது. பயப்பட வேண்டாம், பிளம்பரையும் கூப்பிட வேண்டாம். மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தால் சுவரிலுள்ள வால்வின் கார்ட்ரிட்ஜ் சரியாக மூடவில்லை. அப்போது கூப்பிடுங்கள்.