கொழுந்து போகும் வழி

வணக்கம் அக்கா. பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன், தோட்டத்தில் பிறந்தவன். அப்புத்தளையில் ஒரு நாள் சுற்றி வ்லாக் எடுத்தேன். ரயில் நிலையம், லிப்டன் சீட், தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள், அதிசம் பங்களா எல்லாம் இருக்கின்றன. 20 நிமிடம். பார்ப்பவர்கள் நடுவிலேயே போய்விடுகிறார்கள். முடிவும் சரியாக அமையவில்லை. நல்ல கேமரா வாங்க வேண்டுமா? என்ன இசை போடலாம்?

அன்புள்ள தம்பி,

கேமராவுக்குக் காசு செலவழிக்காதீர்கள், கைபேசி போதும். இசையைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் படத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சில விநாடிகள் வந்து போகிறார்கள். அந்தக் காட்சியின் மேல் உங்கள் குரல் "என்ன அழகான காட்சி" என்கிறது. எனக்குக் கோபம் வந்தது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். மலைக்கு வந்தவர்கள் அவரைப் படம் பிடித்துப் போனார்கள். ஒருவரும் பெயர் கேட்டதில்லை. தோட்டத்தில் பிறந்த நீங்களும் அப்படியே செய்யலாமா?

உங்களிடம் நான்கு இடங்கள் இருக்கின்றன, ஒரு கேள்வி இல்லை. அதனால்தான் முடிவும் இல்லை. "காலையில் பறித்த கொழுந்து மாலைக்குள் எங்கே போகிறது?" என்று முதல் நிமிடத்திலேயே கேளுங்கள். அதற்கு உதவாத பங்களாவை எடுத்துவிடுங்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் நேரத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். கொழுந்து கிள்ளும் விரல்கள், கூடைப் பட்டி அழுத்தும் நெற்றி, படியில் ஏறும் கால்கள், மடுவத்தில் தராசு முள் என்று ஒவ்வொன்றையும் கைபேசியை அசைக்காமல் 10 விநாடி எடுங்கள். தூரக் காட்சி ஒன்று போதும். உங்களிடம் தூரக் காட்சி மட்டுமே இருப்பதால்தான் பேச்சை வெட்டி ஒட்டிய இடமெல்லாம் துருத்திக்கொண்டு தெரிகிறது. அந்த ஒட்டுகளை மூடவே இந்தத் துண்டுகள்.

அன்றிரவு எடுத்ததையெல்லாம் பார்த்த பிறகே பேச்சை எழுதுங்கள். 20 விநாடிக்கு நாற்பது சொற்கள் தாராளம். அதற்கு நான்கைந்து துண்டுகள் வேண்டும். பொருள் திரையில் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசுங்கள். கண்ணுக்குத் தெரிவதை வாயால் சொல்லாதீர்கள். விரல்கள் தெரியும்போது "கொழுந்து பறிக்கிறார்கள்" என்பது வீண். பறிக்கும் அக்கா ஒருவரிடம் பேசி, அன்றைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று அவர் சொன்னதைச் சொல்லுங்கள். நிறுக்கும் இடத்தில் நீங்கள் பேசவே வேண்டாம், மடுவத்துச் சத்தமே கேட்கட்டும்.

கடைசிக் காட்சி 1890இல் கட்டிய தம்பேத்தன்னை தேயிலைத் தொழிற்சாலை. காலையில் பறித்தது மாலையில் இன்னும் தேயிலை ஆகியிருக்காது, இரவெல்லாம் தட்டில் பரப்பி வாட்டுவார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். உள்ளே படம் எடுக்க விடாவிட்டால் வாசலில் நின்று, கொழுந்து வந்து இறங்குவதைக் காட்டி இதைச் சொல்லுங்கள். அதோடு படம் நிற்க வேண்டும். "சப்ஸ்கிரைப் பண்ணுங்கள்" என்பதை இன்னும் முன்னால் கொண்டு போங்கள்.

திரும்பும் முன் அந்த அக்காவின் பெயரைக் கேட்டு, விருப்பமிருந்தால் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். படம் வெளியானதும் முதலில் அவருக்கு அனுப்புங்கள்.